மூன்று முறையும் நெட்டில் பட்டது, லெட் இரண்டுக்குத்தான்

அந்த மேட்ச்சின் கடைசி இரண்டு பாயிண்டுகளை இன்றைக்கும் வரிசை மாறாமல் சொல்வேன். பள்ளிகளுக்கு இடையிலான டேபிள் டென்னிஸ் போட்டி. ஐந்து கேம் ஆட்டத்தில் ஐந்தாவது கேம், ஸ்கோர் 9-9, சர்வீஸ் என் மகனுடையது.

பந்தை மேலே எறிந்தான். அது கொஞ்சம் உடம்புப் பக்கம் சாய்ந்து போனதால், அடிக்காமல் கையில் பிடித்துக்கொண்டு மறுபடியும் எறியத் தயாரானான். அம்பயர் எதிர்ப்பக்கத்துப் பையனுக்குப் பாயிண்ட் கொடுத்துவிட்டார். 9-10. அடுத்த சர்வீஸ் நெட்டின் மேல்விளிம்பை உரசி அந்தப் பக்கம் விழுந்தது. "லெட்" என்றார் அம்பயர், அதாவது பாயிண்ட் யாருக்கும் இல்லை, மறுபடி போடு. திரும்பவும் போட்டான், திரும்பவும் உரசி விழுந்தது, திரும்பவும் லெட். மூன்றாவது சர்வீஸும் நெட்டில் பட்டது. ஆனால் இந்த முறை பந்து அந்தப் பக்க மேஜையில் விழாமல் பக்கவாட்டில் வெளியே போய்விட்டது. பாயிண்ட் எதிராளிக்கு. 9-11, மேட்ச் முடிந்தது.

அம்பயராக உட்கார்ந்திருந்தது பத்தாம் வகுப்பு மாணவி. நான் நேராக அவளிடம் போய், "மூணும் நெட்லதானே பட்டுச்சு? ரெண்டுக்கு லெட் குடுத்துட்டு மூணாவதுக்கு மட்டும் எப்படிம்மா பாயிண்ட் போச்சு? அதுக்கு முன்னாடி அவன் பந்தை அடிக்கவே இல்லையே?" என்று கேட்டேன். குரல் உயர்ந்துதான் இருந்தது. அந்தப் பெண் பதில் தெரிந்தும் சொல்ல முடியாமல் நின்றாள். அவள் கொடுத்த இரண்டு முடிவும் முழுக்கச் சரி. அதை எனக்குப் புரியவைத்தவர் மொத்தப் போட்டிக்கும் பொறுப்பான ரெஃப்ரி. என்னை மேஜையிலிருந்து தள்ளி அழைத்துப் போய், ஒரு பேட்டையும் பந்தையும் கையில் வைத்துக்கொண்டு கால் மணி நேரம் பேசினார். பிறகு நானும் விதிகளைப் படித்து, இப்போது பள்ளிப் போட்டிகளில் அம்பயர் நாற்காலியில் உட்காருகிறேன். காலையில் ஆட்டம் தொடங்கும் முன் பெற்றோர்களைக் கூப்பிட்டு வைத்து நான் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பிடித்த பந்து. சர்வீஸ் எப்போது தொடங்குகிறது என்று கேட்டால், பேட் பந்தைத் தொடும்போது என்றுதான் பெரும்பாலான பெற்றோர் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். விதிப்படி, விரித்த உள்ளங்கையில் அசையாமல் இருக்கும் பந்தை வேண்டுமென்றே மேலே எறிகிறாரே, அதற்கு முந்தைய கணத்திலிருந்தே பந்து ஆட்டத்தில் இருக்கிறது. எறிந்தாகிவிட்டால் அடித்தே ஆகவேண்டும். பிடித்தாலும், பேட்டை வீசித் தவறவிட்டாலும், கீழே விழ விட்டாலும் பாயிண்ட் எதிராளிக்கு. லான் டென்னிஸில் டாஸ் சரியில்லையென்றால் விட்டுவிட்டு மறுபடி எறியலாம். அதைப் பார்த்துப் பழகிய பிள்ளைகள் இங்கேயும் அப்படியே செய்கிறார்கள். வீட்டிலும் பயிற்சியிலும் யாரும் அதைத் தடுப்பதில்லை. ஒரு பந்தைப் பிடித்ததற்குப் பாயிண்ட் போகும் என்பது பிள்ளைக்கு முதன்முதலாகத் தெரியவருவது 9-9இல்தான்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. சர்வீஸுக்கு முன் பந்தை மேஜையில் தட்டிக்கொண்டிருப்பது சர்வீஸ் ஆகாது. கையிலிருந்து பந்து தானாக நழுவினாலும் சர்வீஸ் தொடங்கியதாகக் கணக்கில்லை, ஏனென்றால் யாரும் வேண்டுமென்று எறியவில்லை. அம்பயர் கவனிப்பது, பந்து உள்ளங்கையில் ஒரு கணம் அசையாமல் நின்றதா, அங்கிருந்து எறியப்பட்டதா என்பதைத்தான்.

அடுத்தது நெட். ரெஃப்ரி என்னிடம் சொன்ன வாக்கியம் இது: "சார், நெட்டுல பட்டா லெட்டுன்னு விதியே கிடையாது. நெட்டுல பட்டது தவிர மத்த எல்லாம் சரியா இருந்தாதான் லெட்." சர்வீஸ் முதலில் தன் பக்கத்தில் ஒரு முறை விழவேண்டும், நெட்டைத் தாண்டி எதிர்ப்பக்கத்தில் விழவேண்டும். இது முழுமையாக நடந்து, நடுவில் நெட்டை உரசியிருந்தால் மட்டும் அந்தச் சர்வீஸை மறுபடி போடச் சொல்வார்கள். நெட்டை உரசிவிட்டு மேஜைக்கு வெளியே போனால் அது வெளியே போட்ட சர்வீஸ். உரசிவிட்டுத் தன் பக்கத்திலேயே மறுபடி விழுந்தால் அது தாண்டாத சர்வீஸ். இரண்டுக்கும் பாயிண்ட் போய்விடும். நெட்டைத் தாங்கும் கம்பமும் கிளாம்பும்கூட நெட்டோடு சேர்த்திதான். பந்து அதில் பட்டாலும் இதே கணக்கு.

ஒரு சர்வீஸை மறுபடி போடுவதற்கு எண்ணிக்கை வரம்பு கிடையாது. இரண்டு லெட்டுக்குப் பிறகு மூன்றாவது தவறு என்று நினைத்துப் பலர் எழுந்து நிற்கிறார்கள். அப்படி எதுவும் இல்லை. ஆறு முறை தொடர்ந்து உரசி உள்ளே விழுந்தாலும் ஆறும் லெட்தான், ஸ்கோர் அப்படியே நிற்கும். என் மகனின் மூன்றாவது சர்வீஸுக்கு லெட் கிடைக்காததற்கும் அதற்கு முன் இரண்டு லெட் வந்ததற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அது உள்ளே விழவில்லை, அவ்வளவுதான்.

சர்வீஸில் மட்டும்தான் இது. ரேலி நடக்கும்போது நெட்டை உரசி விழுந்த பந்து நல்ல பந்து, ஆட்டம் தொடரும். நெட்டில் பட்டதைக் கேட்டதும் கையைத் தூக்கிக்கொண்டு நின்றுவிடும் சிறு பிள்ளைகளை எல்லாப் போட்டியிலும் பார்க்கிறேன். அம்பயர் லெட் சொல்லும்வரை ஆடிக்கொண்டே இரு என்று பிள்ளைக்குச் சொல்லிவையுங்கள்.

அம்பயரின் கையைப் பார்த்தே தூரத்திலிருந்து புரிந்துகொள்ளலாம். கையைத் தலைக்கு மேலே உயர்த்தினால் லெட். மேல்கை கிடையாக, முன்கை நிமிர்ந்து, விரல்களை மூடி உயர்த்தினால் பாயிண்ட். எந்தப் பக்கத்துக் கையை உயர்த்துகிறாரோ அந்தப் பக்கத்து ஆட்டக்காரருக்கு. மாணவ அம்பயர்கள் எல்லோரும் இதைச் சுத்தமாகச் செய்வதில்லை என்பதால் ஸ்கோரையும் காதில் வாங்குவது நல்லது.

அப்படிக் கேட்கும்போது ஒரு குழப்பம் வரும். ஸ்கோர் சொல்லும்போது சர்வீஸ் போடுகிறவரின் பாயிண்டுதான் முதலில் வரும். "9-10" என்று அம்பயர் சொன்னால், சர்வீஸ் போடப்போகிற பிள்ளைக்கு 9. சர்வீஸ் மாறியதும் வரிசையும் மாறிவிடும். 6-3 என்று கேட்ட ஸ்கோர் அடுத்த பாயிண்டுக்குப் பிறகு 3-7 என்று கேட்டால் யாரும் தப்புச் செய்யவில்லை, 6இல் இருந்தவர் பாயிண்ட் எடுத்திருக்கிறார், சர்வீஸ் அடுத்தவருக்குப் போயிருக்கிறது என்றுதான் அர்த்தம்.

இன்னார்தான் இப்போது சர்வீஸ் போடவேண்டும் என்பதில்தான் அடுத்த பெரிய சண்டை வரும். 21 பாயிண்டுக்கு ஆடி, ஐந்து ஐந்து சர்வீஸ் போட்டுப் பழகிய அப்பாக்கள் இன்னும் பலர் இருக்கிறார்கள். 2001இல் அது மாறிவிட்டது. இப்போது கேம் 11 பாயிண்டுக்கு, இரண்டு பாயிண்ட் வித்தியாசம் வேண்டும். ஆளுக்கு இரண்டு இரண்டு பாயிண்டுக்குச் சர்வீஸ் மாறும். நான் இங்கே "இரண்டு சர்வீஸ்" என்று சொல்லாமல் "இரண்டு பாயிண்ட்" என்று சொல்வதைக் கவனியுங்கள். லெட் ஆன சர்வீஸ் கணக்கில் வராது. என் மகன் 9-10இல் மூன்று சர்வீஸ் போட்டபோது, எதிர்ப் பையனின் அம்மா "எத்தனை சர்வீஸ்தான் போடுவான்?" என்று பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்தது ஒரே பாயிண்ட்.

யார் முறை என்று மனதுக்குள் சரிபார்க்க ஒரு வழி உண்டு. இரண்டு பேரின் ஸ்கோரையும் கூட்டுங்கள். பாதியாக்குங்கள், அரை வந்தால் அதை விட்டுவிடுங்கள். மிஞ்சியது பூஜ்யம், இரண்டு, நான்கு போல இரட்டைப்படையாக இருந்தால் அந்தக் கேமில் முதலில் சர்வீஸ் போட்டவரின் முறை. ஒற்றைப்படையாக இருந்தால் மற்றவருடையது. எங்கள் மேட்ச்சையே எடுத்துக்கொள்வோம். ஐந்தாவது கேமைத் தொடங்கியது எதிர்ப் பையன். 9-9, கூட்டினால் 18, பாதி 9, ஒற்றைப்படை. ஆகவே என் மகன் முறை. 9-10, கூட்டினால் 19, பாதி ஒன்பதரை, அரையை விட்டால் மறுபடி 9. இன்னும் என் மகன் முறைதான். 10-10 ஆகிவிட்டால் ஒவ்வொரு பாயிண்டுக்கும் சர்வீஸ் மாறும். அதன் பிறகு ஸ்கோர் சமமாக இருக்கும்போதெல்லாம் கேமைத் தொடங்கியவர் போடுவார்.

தவறான ஆள் சர்வீஸ் போட்டுவிட்டது நடுவில் தெரியவந்தால்? ஆட்டத்தை நிறுத்தி, அந்த ஸ்கோருக்கு யார் போடவேண்டுமோ அவரிடம் கொடுத்துத் தொடர்வார்கள். அதுவரை எடுத்த பாயிண்டுகள் அப்படியே நிற்கும், யாருடையதும் ரத்தாகாது. "அந்த மூணு பாயிண்டையும் திரும்ப ஆடணும்" என்று கேட்பதில் பயனில்லை.

இனி நான் அதிகம் கவலைப்படும் விஷயம், சர்வீஸ் போடும் முறை. பள்ளி அளவில் பாதிப் பிள்ளைகளின் சர்வீஸ் விதிப்படி இல்லை. யாரும் சொல்லாததால் அது வருடக்கணக்கில் பழகிவிடுகிறது. பிறகு கொஞ்சம் பெரிய போட்டிக்குப் போனதும், விஷயம் தெரிந்த அம்பயர் முதல் கேமிலேயே பிடிக்கிறார், பிள்ளை நிலைகுலைந்துபோகிறது.

பந்து விரித்த உள்ளங்கையில் சும்மா கிடக்கவேண்டும். விரல்களைக் குவித்துக் கிண்ணம்போல் பிடிக்கக் கூடாது. கை அசையாமல் நிற்கவேண்டும். அங்கிருந்து சுழற்சி கொடுக்காமல், கிட்டத்தட்ட நேர் செங்குத்தாக, கையை விட்டுக் குறைந்தது 16 சென்டிமீட்டர் மேலே எழும்பவேண்டும். கீழே இறங்கும்போதுதான் அடிக்கவேண்டும். எறிவதற்கு முன்பிருந்து அடிக்கும்வரை பந்து மேஜைத் தளத்துக்கு மேலேயும், தன் பக்க எண்ட் லைனுக்குப் பின்னாலும் இருக்கவேண்டும். எதிராளிக்குப் பந்து மறையவே கூடாது. எறிந்தவுடன் அந்தக் கையைப் பந்துக்கும் நெட்டுக்கும் நடுவிலிருந்து எடுத்துவிடவேண்டும்.

16 சென்டிமீட்டரை யார் அளக்கிறார்கள் என்று கேட்பார்கள். அம்பயரின் கண் முன்னாலேயே அளவுகோல் இருக்கிறது. நெட்டின் உயரம் 15.25 சென்டிமீட்டர். பந்து கையை விட்டு எழுந்த உயரம் நெட்டின் உயரத்தைவிடச் சற்று அதிகமாக இருந்தால் சரி. மேஜையிலிருந்து அளக்கக் கூடாது, உள்ளங்கையிலிருந்து அளக்கவேண்டும். கையை ஏற்கெனவே தோள் உயரத்துக்குத் தூக்கிவைத்துக்கொண்டு அங்கிருந்து ஐந்து சென்டிமீட்டர் எறிகிற பிள்ளைக்குப் பந்து உயரத்தில் இருப்பதுபோல் தோன்றும், ஆனால் அது தவறு. கையும் பந்தும் சேர்ந்தே மேலே போய், கடைசியில் பந்து மட்டும் கொஞ்சம் பிரிவதும் அதே தவறுதான்.

இதைக் கண்டுபிடிக்கப் பெற்றோரால் முடியும். அம்பயர் உட்காரும் இடத்தில், அதாவது நெட்டுக்கு நேர் பக்கவாட்டில், போனை மேஜை உயரத்துக்கு வைத்துப் பத்துச் சர்வீஸ் படம் எடுங்கள். மெதுவாக ஓட்டிப் பார்த்து, பந்து கையை விடும் இடத்தையும் அது எட்டிய உச்சியையும் பாருங்கள். சந்தேகமாக இருந்தால் உயரம் போதாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். என் மகனுடையதை இப்படி எடுத்தபோது உயரம் சரியாக இருந்தது. ஆனால் பந்து நேராகப் போகாமல் உடம்புப் பக்கம் சாய்ந்து வந்துகொண்டிருந்தது. 9-9இல் அவன் பிடித்த பந்தும் அதே சாய்வுதான். அதைத் திருத்த நாங்கள் செய்தது ஒன்றே ஒன்று. பேட் இல்லாமல், பந்தை எறிந்து, எறிந்த அதே உள்ளங்கையில் கையை நகர்த்தாமல் விழவைக்கும் பயிற்சி. தினமும் ஐம்பது தடவை. மூன்று வாரத்தில் சாய்வு போயிற்று.

தவறான சர்வீஸுக்கு எச்சரிக்கை எப்போது, பாயிண்ட் எப்போது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் "முதல் தடவை வார்னிங்தானே குடுக்கணும்?" என்ற கேள்வி எல்லா இடத்திலும் வருகிறது. அம்பயருக்குச் சந்தேகம் இருந்தால்தான் எச்சரிக்கை. சரியா தவறா என்று உறுதியாகத் தெரியாவிட்டால் முதல் முறை ஆட்டத்தை நிறுத்தி எச்சரிக்கலாம், அந்தப் பாயிண்ட் லெட். அதே மேட்ச்சில் அந்தப் பிள்ளை மறுபடி சந்தேகத்துக்கு இடம் தரும் சர்வீஸ் போட்டால் பாயிண்ட் போய்விடும். விதியை மீறியது கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தால் எச்சரிக்கையே தேவையில்லை, முதல் முறையே பாயிண்ட் போகும். சர்வீஸ் சரியானது என்று அம்பயருக்குத் தெரியும்படி போடுவது ஆட்டக்காரரின் பொறுப்பு. ஊனம் காரணமாக ஒரு பிள்ளையால் இப்படிப் போட முடியாது என்றால் அம்பயர் சில நிபந்தனைகளைத் தளர்த்தலாம். அதை ஆட்டம் தொடங்கும் முன்பே அவரிடம் சொல்லிவிடவேண்டும்.

லெட் நெட்டோடு முடிந்துவிடுவதில்லை. சிறிய ஹாலில் ஆறு மேஜை போட்டால், பக்கத்து மேஜைப் பந்து உருண்டு வருவதுதான் அடிக்கடி வரும் லெட். ஆட்டம் பாதிக்கப்படும் என்று தெரிந்தால் அம்பயர் உடனே நிறுத்துவார். ரேலி முடிந்த பிறகு வந்த பந்துக்கு லெட் கிடையாது. எதிராளி தயாராகும் முன் போட்ட சர்வீஸுக்கும் லெட் உண்டு, ஆனால் அவர் அந்தப் பந்தை அடிக்க முயன்றிருக்கக் கூடாது. பேட்டை வீசித் தவறவிட்டுவிட்டு "நான் ரெடி இல்ல" என்று சொன்னால் ஏற்கமாட்டார்கள்.

எனக்கு இன்னும் உறுத்துகிற ஒரு லெட் உண்டு. வேறொரு போட்டி, நான் அம்பயர் ஆவதற்கு முன். எதிர்ப்பக்கச் சிறுமி ஓங்கி அடித்த பந்து மேஜையின் ஓரத்தில் போனது. எனக்கு வெளியே போனதாகத் தோன்றியது. "அவுட்!" என்று கத்திவிட்டேன். என் பக்கத்துப் பிள்ளை பேட்டை இறக்கிவிட்டது. பந்து உண்மையில் மேஜையின் மேல்விளிம்பைத் தொட்டிருந்தது, அது நல்ல பந்து. விளிம்புக்குக் கீழே பக்கவாட்டில் பட்டிருந்தால்தான் வெளியே. வெளியிலிருந்து வந்த சத்தத்தால் ஆட்டம் கெட்டது என்று அம்பயர் லெட் கொடுத்தார். அந்தச் சிறுமி அந்த நாளிலேயே அடித்த மிக அழகான அடி அது, என் ஒரு சொல்லால் கணக்கில் இல்லாமல் போய்விட்டது. மறுபடி ஆடிய பாயிண்டை அவள் தோற்றாள். ரேலி நடக்கும்போது வாயைத் திறக்காதீர்கள் என்று பெற்றோரிடம் நான் மன்றாடுவது அதனால்தான். பாயிண்டுகளுக்கு நடுவில் பேசலாம். 2016 அக்டோபரிலிருந்து ஆட்ட நேரம் நீளாதவரை பாயிண்டுகளுக்கு இடையில் ஆலோசனை சொல்லவும் அனுமதி இருக்கிறது, ஆனால் தனிநபர் ஆட்டத்தில் அதைச் செய்யவேண்டியவர் முன்கூட்டியே குறிப்பிட்ட ஒருவர் மட்டும்தான்.

முடிவு தவறென்று பட்டால் என்ன செய்வது? பந்து விளிம்பில் பட்டதா, நெட்டை உரசியதா என்பவை கண்ணால் கண்ட விஷயங்கள். அவற்றில் அம்பயர் சொன்னதுதான் கடைசி, ரெஃப்ரியாலும் மாற்ற முடியாது. விதியையே தவறாகப் பயன்படுத்தினார் என்றால், உதாரணமாக நெட்டில் பட்டு வெளியே போன சர்வீஸுக்கு லெட் கொடுத்தார் என்றால், ரெஃப்ரியிடம் கேட்கலாம். ஆட்டக்காரர் கேட்கவேண்டும், அடுத்த பாயிண்ட் தொடங்கும் முன் கேட்கவேண்டும். "அக்கா, ரெஃப்ரியைக் கூப்பிடுறீங்களா?" என்று கேட்கப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுங்கள். நான் செய்ததுபோல் நீங்கள் மேஜைக்குப் போகவேண்டாம்.

போன மாதம் ஒரு போட்டியில் என் மகனைச் சின்னப் பிள்ளைகளின் மேட்ச்சுக்கு அம்பயராக உட்காரவைத்திருந்தார்கள். ஒரு சிறுவன் பந்தை எறிந்துவிட்டுப் பிடித்துக்கொண்டான். மகன் ஒரு கணம்கூட யோசிக்காமல் எதிர்ப்பக்கம் கையை உயர்த்தி ஸ்கோரைச் சொன்னான். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்தச் சிறுவனின் அம்மா பதறிப்போய், "சார், அவன் இன்னும் போடவே இல்லையே?" என்றார்.

"கையை விட்டுட்டா போட்ட மாதிரிதான் மேடம். பிடிக்கக் கூடாது," என்றேன்.

"அவனுக்கு இது தெரியாது சார்."

"கேம் முடிஞ்சதும் ஒரு நிமிஷம் இடைவேளை இருக்கு. அப்ப சொல்லுங்க. இப்ப வேண்டாம், அடுத்த சர்வீஸ் போடப்போறான்."

அவன் போட்டான். நெட்டை உரசி அந்தப் பக்கம் விழுந்தது. அந்த அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். என் மகன் கையைத் தலைக்கு மேலே உயர்த்தினான்.